பல்லக்கில் யார் இருந்தார்?

டைபாய்டு காய்ச்சல் விட்டு, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் நான் செய்த முதல் முட்டாள்தனம் பொன்னியின் செல்வனை எடுத்ததுதான். ஏற்கெனவே இரண்டு தடவை படித்த புத்தகம். தெரிந்த கதைதானே, மூளைக்கு வேலை இருக்காது, வந்தியத்தேவனோடு வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் போய்க்கொண்டே இருக்கலாம் என்று நினைத்தேன். ஆடித்திருநாள் அத்தியாயம் நன்றாகவே போயிற்று. ஏரியும் மதகுகளும் சித்திரான்னமும் காய்ச்சல்காரிக்குப் போதும். ஆழ்வார்க்கடியான் தடியைச் சுழற்றிக்கொண்டு வந்தபோதும் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் ஆறாவது அத்தியாயத்துக்கு வந்தேன். கடம்பூர் மாளிகை, நடுநிசிக் கூட்டம். மறைந்திருந்து வந்தியத்தேவன் கேட்கிறான். பெரிய பழுவேட்டரையர் பேசுகிறார், சம்புவரையர் பேசுகிறார், இன்னும் யார் யாரோ பேசுகிறார்கள். யார் யாருக்கு மாமன், எந்த ராஜாவுக்கு யார் அண்ணன், எந்த அண்ணனுக்கு யார் மகன் என்று ஒரு வம்சாவளியே ஓடுகிறது. கடைசியில் மூடுபல்லக்கின் திரை விலகுகிறது.

உள்ளே இருந்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு தடவை படித்திருக்கிறேன். கல்லூரியில் இதைப் பற்றிச் சண்டையெல்லாம் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை முடிக்கும்போது, முதல் பத்தியில் பேசியவர் யார் என்பதும் போய்விட்டது. புத்தகத்தை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். அம்மா கஞ்சியோடு வந்தவள், "என்னடி, வலிக்குதா?" என்றாள். பல்லக்கு என்றால் சிரித்துவிடுவாள் என்று, ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உடம்பு சரியில்லாமல் கிடந்து எழுந்தவருக்கு 'ஏதாவது லேசான புத்தகம்' என்று நாம் வாங்கிக்கொண்டு போகிறோம். லேசு என்றால் என்ன என்று யாரும் யோசிப்பதில்லை. சோகம் இல்லாதது, சிரிப்பு உள்ளது, பக்கம் குறைவானது, இவ்வளவுதான் கணக்கு. நான் அந்த எட்டு வாரங்களில் கற்றுக்கொண்ட கணக்கு வேறு. எனக்கு ஒரு வாக்கியம் புரியாமல் போகவில்லை. ஒரு பக்கம்கூடப் புரிந்தது. காலையில் புரிந்ததை மாலைவரை தூக்கி வைத்திருக்கத்தான் முடியவில்லை. ஆகவே புத்தகம் எத்தனை பக்கம் என்பதைவிட, இன்று மூடி வைத்துவிட்டு நாளை திறக்கும்போது அது என்னிடம் எவ்வளவைத் திருப்பிக் கேட்கும் என்பதுதான் கேள்வி. பெரிய கதை, ஐந்து பாகம் என்பதற்காக நான் பொன்னியின் செல்வனிடம் தோற்கவில்லை. ஆறாவது அத்தியாயத்திலேயே அது பத்துப் பேரின் உறவுமுறையைக் கடன் கொடுத்து, ஏழாவதில் வட்டியோடு வசூலிக்க வந்துவிட்டது.

இத்தனைக்கும் அது பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர்கதை. கல்கி அதை 1950 முதல் 1954 வரை எழுதினார். ஒரு வாரம் இடைவெளி விட்டுப் படிக்கிறவருக்காக எழுதியது என்பதால் நடுநடுவே நினைவூட்டிக்கொண்டும் போகிறார். அது உதவி. ஆனால் தொடர்கதைக்கு இன்னொரு கட்டாயம் உண்டு. அடுத்த வாரம் பத்திரிகையை வாங்க வைக்க வேண்டும். அதனால் அத்தியாயம் முடியும் இடத்தில் ஒரு கத்தி, ஒரு அலறல், இருட்டில் ஒரு உருவம். நல்ல உடம்போடு இருப்பவருக்கு அதுதான் ருசி. ராத்திரி எட்டரை மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்க வேண்டியவளுக்கு அது பகை. உடம்பு போதும் என்கிறது, கதை இன்னும் ஒன்று என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் நிறுத்த வேண்டியதை நாற்பது நிமிடம் படித்து, மறுநாள் காலை தலை பாரமாக எழுந்திருக்கிறோம்.

என்னைக் காப்பாற்றியது அக்கா. அவள் நாவல் படிப்பவள் இல்லை. பெரியப்பா வீட்டு அலமாரியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து வந்தாள். அதில் தேவனின் துப்பறியும் சாம்பு இருந்தது.

கறாராகப் பார்த்தால் அது நாவல் இல்லை, கதைகளின் வரிசை. தேவன் என்ற ஆர். மகாதேவன் ஆனந்த விகடனில் 1940களில் எழுதியது. சாம்பு ஓர் அசட்டு வங்கி குமாஸ்தா. வேலை போய்விடுகிறது, எப்படியோ துப்பறிகிறவர் ஆகிவிடுகிறார். துப்பறியும் திறமை என்று அவரிடம் ஒரு மண்ணும் கிடையாது. ஒரு வழக்கு வரும். சாம்பு பயப்படுவார், உளறுவார், போகக்கூடாத இடத்துக்குப் போய் விழுவார். அவர் விழுந்த இடத்தில் திருடன் இருப்பான், அல்லது திருட்டுப் போன நகை இருக்கும். இன்ஸ்பெக்டர் கோபாலன் ஓடி வந்து, "நீங்கள் வேண்டுமென்றே அசடு மாதிரி நடித்தீர்கள்" என்கிற தோரணையில் வியந்து, சாம்பு எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைச் சாம்புவுக்கே விளக்குவார். சாம்பு மறுக்கவும் மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார். வீட்டில் மனைவி வேம்பு. இவ்வளவுதான்.

படுக்கையில் இருப்பவருக்கு இந்த அமைப்பு எப்படி உதவுகிறது என்று பாருங்கள். நான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் மூன்றே பேர். அவர்களும் எல்லாக் கதையிலும் அதே குணத்தோடு வருகிறார்கள். மற்றவர்கள் அந்தக் கதைக்கு மட்டும் வந்து, கதை முடிந்ததும் விருந்தாளி மாதிரிக் கிளம்பிவிடுகிறார்கள். நேற்றைய கதை அடியோடு மறந்திருந்தாலும் இன்றைய கதைக்கு நஷ்டமில்லை. முடிவு என்ன ஆகும் என்பது முதல் வரியிலேயே தெரியும், சாம்பு ஜெயிப்பார். எப்படி அசடு வழிந்து ஜெயிப்பார் என்பது மட்டும்தான் தெரியாது. தெரியாததன் அளவு அவ்வளவு சின்னதாக இருப்பதில்தான் அந்த நிம்மதி. அதோடு, ஒன்றும் தெரியாமல் படுத்துக் கிடப்பவளுக்கு, ஒன்றும் தெரியாமலேயே ஜெயிக்கிற ஒரு ஆளைப் பார்ப்பது தனி சுகம்.

முதல் வாரம் ஒரு கதையை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் படித்தேன். ஒரு தடவைக்கு நாலைந்து பக்கம். கண் ஒரே வரியில் இரண்டாம் முறை நடக்க ஆரம்பித்தால் அதுதான் மணி, உடனே மூடிவிட வேண்டும். பத்தி முடியட்டும் என்றுகூடக் காத்திருக்கக்கூடாது என்பது என் அனுபவம். காத்திருந்து படித்த பத்தி உள்ளே போவதில்லை, மறுநாள் அதையே மறுபடி படிக்க வேண்டும். மூன்றாம் வாரம் ஒரு கதையை ஒரே மூச்சில் முடித்தேன். அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சந்தோஷம். இட்லி ரெண்டு சாப்பிட்டா இன்னும் சந்தோஷம்" என்றாள்.

சாம்புவை எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டு காரணம். அது எண்பது வருஷத்துக்கு முந்தைய மயிலாப்பூர்த் தமிழ். அந்தப் பேச்சு காதில் பழகாதவர்களுக்கு ஒவ்வொரு வாக்கியமும் ஒரு படி ஏறுவது போலிருக்கும், அப்புறம் லேசு எங்கே? அந்தக் காலத்து வீட்டு வழக்கங்கள், பெண்களைப் பற்றிய கிண்டல்கள் சில இடங்களில் இன்று நெருடவும் செய்யும். இரண்டாவது காரணம் என் பெரியப்பா. நான் தேறிய சில மாதத்தில் அவருக்கு ஹெர்னியா ஆபரேஷன். நான் உற்சாகமாக அதே புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் பெரியம்மாவிடமிருந்து போன்: "புஸ்தகத்தை எடுத்துண்டு போயிடும்மா. சிரிச்சு சிரிச்சுத் தையல்ல வலி தாங்கல." இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா அதைச் சிரிப்புக்குப் பிடித்துக்கொண்டு படித்திருக்கிறார். வயிற்றில் தையல் போட்டவர்களுக்கு முதல் இரண்டு வாரம் புன்னகை வரைக்கும்தான் அனுமதி, வாய்விட்டுச் சிரிக்க வைக்கிற புத்தகம் கூடாது. இதைச் சொல்லித்தர எந்தப் புத்தகப் பட்டியலும் எனக்கு உதவவில்லை.

நான்காம் வாரம் ஆங்கிலத்துக்குப் போகலாமா என்று பார்த்தேன். தமிழில் ஐந்து பக்கம் தாங்கும் தலை ஆங்கிலத்தில் மூன்று பக்கம்தான் தாங்கியது. சாதாரண நாட்களில் எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றில்லை என்பதை டைபாய்டு காட்டிக்கொடுத்தது. ஆகவே ஆங்கிலம் என்றால் அத்தியாயம் இன்னும் சின்னதாக இருக்க வேண்டும். அப்போது கையில் கிடைத்தவர் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்.

இவருடைய 44 ஸ்காட்லாந்து ஸ்ட்ரீட் நாம் சொல்கிற அதே தொடர்கதை ஜாதி, ஆனால் வாரப் பத்திரிகையில் வந்ததில்லை. எடின்பரோவின் 'தி ஸ்காட்ஸ்மேன்' நாளிதழில் 2004ல் தினம் ஓர் அத்தியாயமாக வந்தது. காலையில் பஸ்ஸிலோ காபிக் கடையிலோ பேப்பரை விரித்துப் பத்து நிமிடத்தில் முடிக்கிற அளவு. புத்தகமாக வந்தபோது அத்தியாயங்கள் நூறைத் தாண்டின, ஒவ்வொன்றும் மூன்று நான்கு பக்கம். நோயாளிக்கென்றே அளந்து வெட்டினது மாதிரி இருக்கிறது. ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் மனிதர்கள். பாட் என்ற இளம்பெண், கண்ணாடி முன்னால் தலைமுடிக்குப் பசை தடவிக்கொண்டே நிற்கும் புரூஸ், மாடியில் மானுடவியல் படித்த டொமினிக்கா. அப்புறம் பெர்ட்டி. ஐந்து வயதுப் பையன். அவன் அம்மா அவனை மேதையாக வளர்ப்பதென்று முடிவுகட்டி இத்தாலிய மொழியும் சாக்ஸபோனும் கற்றுக்கொடுக்கிறாள். அவனுக்கோ மற்றப் பையன்கள் மாதிரி இருந்தால் போதும். நம் ஊரில் அபாகஸுக்கும் கராத்தேக்கும் நடுவில் ஆட்டோவில் தூங்கிக்கொண்டே போகிற குழந்தைகளைப் பார்த்தவர்களுக்குப் பெர்ட்டி அந்நியன் இல்லை. பக்கத்தில் ஓர் ஓவியர், அவருடைய நாய்க்கு ஒரு தங்கப்பல்.

இங்கேயும் ஆட்கள் நிறையத்தான். ஆனால் கடம்பூர் மாதிரி மொத்தமாக ஒரே அறையில் கூடுவதில்லை. ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு மூன்று பேர். யாரை மறந்தாலும் அவர் பேச ஆரம்பித்த இரண்டு வரியில் ஆள் தெரிந்துவிடுகிறது, பெர்ட்டி அம்மா சைகோதெரபி என்பாள், புரூஸ் தன்னைப் பற்றிப் பேசுவான். தினசரித் தொடர் என்பதால் இன்னொன்றும் நடந்திருக்கிறது. தினமும் கத்தியைக் காட்டி நிறுத்த முடியாது, அலுத்துவிடும். அதனால் பல அத்தியாயங்கள் ஒரு பெருமூச்சில், ஒரு கோப்பைக் காபியில் முடிந்துவிடுகின்றன. மூடி வைக்க மனசு கஷ்டப்படுவதில்லை. கதை எங்கே போகிறது என்று கேட்டால் எங்கும் போகவில்லை. நல்ல உடம்போடு இதை நான் நூறு பக்கத்தில் தூக்கிப்போட்டிருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதே ஆசிரியரின் இன்னொரு வரிசைதான் அதிகப் பிரபலம், போட்ஸ்வானாவில் துப்பறியும் நிலையம் நடத்தும் ப்ரெஷஸ் ரமோட்ஸ்வே. 'ஆறுதலான நாவல்' என்று யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். முதல் புத்தகம் 1998ல் வந்தது. அப்பா விட்டுச்சென்ற மாடுகளை விற்று அவள் அந்த நிலையத்தைத் திறக்கிறாள். சொத்து என்று ஒரு சின்ன வெள்ளை வேன், இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு டெலிபோன், ஒரு பழைய டைப்ரைட்டர், ஒரு தேநீர்க் கெண்டி. முதல் வழக்குகளில் ஒன்று இது: ஒரு பெண்ணிடம், பல வருஷம் காணாமல்போன அப்பா நான்தான் என்று ஒருவர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அப்பாவா, ஏமாற்றுக்காரரா? ரமோட்ஸ்வே நர்ஸ் உடையில் போய், உங்கள் மகளுக்கு விபத்து, நிறைய ரத்தம் தேவை, அப்பாவின் ரத்தம்தான் சேரும், கொடுத்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து வரலாம் என்கிறாள். ஆள் குட்டு வெளிப்பட்டு ஓடுகிறார். மரியாதைராமன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை, அதனால்தான் இதமாக இருக்கிறது. ஓர் அத்தியாயம், ஒரு வழக்கு, ஒரு தீர்ப்பு, தேநீர்.

ஆனால் இந்தப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நடுவில் ரமோட்ஸ்வேயின் பழைய திருமணம் வருகிறது. புருஷன் அடிக்கிறான், பிறந்த குழந்தை சில நாளில் இறந்துபோகிறது. இன்னொரு சரடு, காணாமல்போன ஒரு பையனைப் பற்றியது, மாந்திரீகத்துக்காகக் கொன்றிருப்பார்களோ என்ற பயம் நெடுகத் தொடரும். எழுதியவர் அதை மென்மையாகத்தான் கையாள்கிறார். இருந்தாலும் கருச்சிதைவுக்குப் பிறகு படுத்திருந்த என் தோழி ஒருத்திக்கு இதை யாரோ 'ரொம்ப ஃபீல் குட்' என்று கொடுத்துவிட்டார்கள். அட்டையில் பளிச்சென்ற வண்ணம், உள்ளே அவளுடைய அதே துக்கம். கொடுக்கிறவர் முழுசாகப் படித்திருக்க வேண்டும், அல்லது படித்தவரைக் கேட்டிருக்க வேண்டும். நான் இப்போது இதைக் கொடுத்தால் அந்த அத்தியாயங்களில் ஒரு மடித்த காகிதம் செருகி, 'இதைத் தாண்டிப் போ, ஒன்றும் கெடாது' என்று எழுதி வைக்கிறேன். உண்மையிலேயே கெடாது. தனித்தனி வழக்குகளாக அடுக்கிய புத்தகத்தில் அப்படி ஒரு செங்கல்லை உருவினால் சுவர் விழாது.

ஜப்பானிலிருந்து ஆங்கிலம் வழியாக இப்போது நிறைய வருகிற பூனைப் படம் போட்ட மெல்லிய நாவல்களுக்கும் இதே எச்சரிக்கை. காபிக் கடை, புத்தகக் கடை, மழை, பூனை எல்லாம் இருக்கும். பக்கமும் குறைவு. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் செத்துப்போனவர்களிடம் சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான். பூனை அட்டையைப் பார்த்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, கடைசியில் யாராவது போய்விடுகிறார்களா என்பதுதான்.

புத்தகத்தின் எடையும் ஒரு விஷயம் என்பதைப் படுத்துப் படித்தவர்கள் மட்டுமே அறிவார்கள். ட்ரிப்ஸ் ஏறின கைக்கு ஐந்நூறு பக்கக் கெட்டி அட்டைப் புத்தகம் ஒரு அம்மிக்கல். போனில் படிக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், ஆனால் நாலு பக்கத்துக்குள் ஏதாவது ஒரு வாட்ஸாப் வந்து தலையைக் கலைத்துவிடும். பெரியப்பா தடித்த ஒரு பழைய தொகுப்பை நடுவில் நறுக்கி இரண்டாக்கி நூல்கோத்து வைத்துக்கொண்டார். முதலில் எனக்குப் பதறியது. படுத்துக்கொண்டு பிடித்துப் பார்த்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. ஒலிப்புத்தகமும் கேட்டுப்பார்த்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது. விழிக்கும்போது கதை மூன்று அத்தியாயம் தள்ளிப் போய்க்கொண்டிருக்கும், யார் பேசுகிறார்கள் என்று மறுபடி பல்லக்குப் பிரச்சினை.

ஆறாம் வாரம் சாம்புவை விட்டு, அதே தேவனின் ஜஸ்டிஸ் ஜகந்நாதனுக்கு ஏறினேன். ஏறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இது முழு நாவல், ஒரு கொலை வழக்கின் விசாரணை. கொலையைச் சொல்லி நோயாளிக்கு எப்படி என்றால், இங்கே ரத்தத்தைவிட வக்கீல்களின் வாயும் ஜூரிகளின் முழியும்தான் அதிகம். இதில் எனக்குப் பிடித்தது அதன் படிக்கட்டு. ஒரு சாட்சி கூண்டில் ஏறுகிறார், கேள்வி, குறுக்குக் கேள்வி, இறங்குகிறார். அங்கே நிறுத்தலாம். நேற்றைய சாட்சி சொன்னதை இன்று கொஞ்சம் நினைவில் வைத்திருக்கவும் வேண்டும், முழுக்க இல்லை, கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத் தூக்க முடிகிறதா என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல புத்தகம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் சாட்சிகளின் பெயரையும் ஆளுக்கு ஒரு வரியும் எழுதிச் செருகி வைத்தேன். முதல் நாலு நாள் அதைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். ஒரு நாள் சீட்டு கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட்டது, மூன்று நாள் கழித்து அம்மா பெருக்கும்போதுதான் கிடைத்தது. அது இல்லாமல் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதையெல்லாம் பார்த்து அக்கா ஒரு கேள்வி கேட்டாள். "உனக்குப் புடிச்சது சரி. நான் எங்க ஆபீஸ் ரேவதிக்கு வாங்கணும்னா கடையில நின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். புத்தகத்தை நடுவில் எங்காவது திறந்து ஒரு அத்தியாயத்தின் முதல் இரண்டு பக்கத்தைப் படி. முன்கதை தெரியாமலேயே யார், எங்கே, என்ன சிக்கல் என்று உனக்குப் பிடிபட்டால் அவளுக்கும் பிடிபடும், ஏனென்றால் நாளைக்கு அவளும் முன்கதை தெரியாதவள் மாதிரிதான் திறப்பாள். அந்த இரண்டு பக்கத்தில் நாலு பெயருக்கு மேல் வந்தால் வைத்துவிடு. அத்தியாயத்தின் கடைசி வரியைப் பார். யாராவது கதவைத் தட்டினால் வேண்டாம், யாராவது காபி குடித்தால் வாங்கு. அக்கா ரேவதிக்குக் கடையில் அப்படியே செய்து பார்த்து, கடைசியில் ஒரு சமையல் புத்தகம் வாங்கிக் கொடுத்தாளாம். ரேவதிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பத்தியச் சாப்பாட்டில் இருப்பவருக்கு வத்தக்குழம்பு செய்முறை படிப்பது ஒருவகை நாவல்தான் போல.

எட்டாவது வாரம் முடிந்து வேலைக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, முதல் பாகத்தை மறுபடி எடுத்தேன். ஏரிக்கரை, தடி, கடம்பூர், குரவைக் கூத்து. நடுநிசிக் கூட்டம் வந்தது. பழுவேட்டரையர் பேசி முடித்தார். பல்லக்கின் பக்கம் போனார். திரையைத் தொடும் முன்பே நான் வாய்விட்டு, "மதுராந்தகன்" என்றேன்.

"யாருடி அது?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.